எட்டுப் பக்கத்துக்குள் ஓர் ஊருணி

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடிப் பக்கம் மூன்று கிராமங்களில் குடிநீர் ஊருணிகளைத் தூர்வார நிதி கேட்டு நான் முதன்முதலாக எழுதிய திட்ட அறிக்கை 23 பக்கம் வந்தது. நிதி தருவதாக அறிவித்திருந்த நிறுவனம் 8 பக்கத்துக்கு மேல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தது. எழுத்து 11 புள்ளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், பட்ஜெட் அட்டவணையும் அந்த எட்டுக்குள்தான். எங்கள் தொண்டு நிறுவனத்தில் அப்போது சம்பளத்துக்கு இருந்தது நானும் ஒரு களப்பணியாளரும்தான். எழுதிக் கொடுக்கவோ, வெட்டிக் கொடுக்கவோ ஆள் கிடையாது. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. எழுதியாயிற்றே, சுருக்குவதற்கு ஒன்பது நாள் எதற்கு என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு வருடமும் 41,000 ரூபாயும் போயின.

முதல் தடவை நான் சுருக்கிய விதத்தைச் சொல்கிறேன், பலரும் அப்படித்தான் செய்வார்கள். எந்தப் பகுதியையும் முழுதாக எடுக்க மனசு வரவில்லை. அதனால் எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். நான்கு வரிப் பத்தியை இரண்டு வரியாக்குவது, ஓர் எடுத்துக்காட்டைத் தூக்குவது, ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் வாக்கியங்களை எடுப்பது. இதில் முதலில் பலியாவது எப்போதும் காரணங்கள்தான். என்ன செய்யப்போகிறோம் என்பது நிற்கும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது போய்விடும். ஆனால் எங்கள் நிறுவனம் எப்படித் தொடங்கியது, இதுவரை என்னென்ன செய்தது என்ற இரண்டு பக்கத்தில் கைவைக்க முடியவில்லை. அதை வெட்டுவது பெற்ற பிள்ளையின் முடியை மழிப்பது போல இருந்தது. மாவட்டத்தின் வறட்சி, மன்னர் காலத்துக் கண்மாய்கள், சீமைக்கருவேலம் பரவியது என்று இன்னொரு இரண்டரைப் பக்கம். அதுவும் நான் ரசித்து எழுதியது. ஆக எட்டில் நாலரைப் பக்கம் போய்விட்டது. மீதி மூன்றரைப் பக்கத்தில் மூன்று ஊருணி, மூன்று பட்ஜெட், வேலை நாட்காட்டி, பராமரிப்பு எல்லாவற்றையும் திணித்தேன்.

கடைசி நாள் எங்கள் லேப்டாப் மக்கர் செய்தது. சாயல்குடியில் ஒரு கணினிக் கடையில் கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆக்கி, அங்கிருந்தே பதிவேற்றினேன். என் லேப்டாப்பில் இருந்த எழுத்துரு அந்தக் கடைக் கணினியில் இல்லை. அது தானாக வேறு எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. எட்டாம் பக்கத்தின் அடிவரை நிரப்பி வைத்திருந்த என் அறிக்கை ஒன்பதாம் பக்கத்துக்குப் பதினோரு வரி வழிந்துவிட்டது. பிடிஎஃப்பைத் திறந்து பார்க்கவே இல்லை. எட்டைத் தாண்டும் பக்கங்கள் நீக்கப்பட்டுத்தான் மதிப்பீட்டாளர்களிடம் போகும் என்று விதிமுறையில் ஒரு வரி இருந்திருக்கிறது, அதை நான் பிறகுதான் படித்தேன். அந்தப் பதினோரு வரியில் இருந்தது பராமரிப்புத் திட்டம். யார் காவல், யார் கணக்கு வைப்பார்கள், வீட்டுக்கு மாதம் எவ்வளவு வசூல் என்ற விவரம் எல்லாம் அதில்தான். மதிப்பீட்டாளர் பார்த்த அறிக்கையில், வேலை முடிந்த பிறகு ஊருணியை என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

நிராகரிப்பு மின்னஞ்சல் இரண்டு வரிதான். ஒரு கிராமத்தில் நில அளவைக்கும் மண் சோதனைக் குழிக்கும், தண்ணீர்ப் பரிசோதனைக்கும், பஸ்ஸுக்கும் நான் போட்டது என் சேமிப்பு. அதைவிடக் கொடுமை பருவம். ஊருணி வேலை என்பது தண்ணீர் வற்றிய சித்திரைக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில்தான் நடக்கும். எங்கள் பக்கம் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. அந்த இடைவெளியைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அந்த வருடமும் ஊர் ஜனங்கள் குடம் பத்து ரூபாய்க்கு டிராக்டர் தண்ணீர் வாங்கினார்கள். "ஏம்மா, எழுதுறதுக்குப் பதிலா கையெழுத்து வாங்கிட்டு நேராப் போயிருக்கலாம்ல" என்று ஒரு பெரியவர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பரிதாபப்பட்டுக் கேட்டார். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் திட்ட அலுவலருக்குப் போன் செய்தேன். நிராகரித்தவர்களிடம் பேசலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. பேசுங்கள். முடிவை மாற்றச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். "அடுத்த முறைக்கு எதைச் சரிசெய்ய வேண்டும்" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்வார்கள். அவர் மதிப்பெண் பிரிவை வாசித்தே காட்டினார். தேவைக்கு 20, வேலை முறைக்கு 30, செலவுக் கணக்குக்கு 20, பிற்பாடு பராமரிப்புக்கு 20, நிறுவனத்தின் தகுதிக்கு 10. போனை வைத்துவிட்டு என் அறிக்கையை எடுத்து, எந்தப் பகுதிக்கு எத்தனைப் பக்கம் கொடுத்தேன் என்று பென்சிலால் எழுதினேன். 10 மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம். 30 மதிப்பெண் இருந்த வேலை முறைக்கு ஒன்றேகால் பக்கம். 20 மதிப்பெண் பராமரிப்புக்குப் பூஜ்யம். அந்தப் பிரிவு அறிவிப்பிலேயே இணைப்பாக இருந்ததாம், நான் பதிவிறக்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே எட்டுப் பக்கத்தை மதிப்பெண் விகிதத்தில் பிரித்துவிடுகிறேன். 8 பக்கத்துக்கு 100 என்றால் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டரை. 30 மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பக்கம். இதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டியதில்லை. எங்கே மிஞ்சுகிறது, எங்கே பட்டினி என்று தெரிய அது போதும். பிரிவு கொடுக்காத இடங்களில், விண்ணப்பப் படிவத்தில் தனித் தலைப்பாகக் கேட்டிருக்கும் விஷயங்களை எண்ணிக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் மறுபடி உட்கார்ந்தபோதுதான் உண்மையான வெட்டு எது என்று புரிந்தது. மூன்று ஊருணிகளை எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் நீர்ப்பரப்பு வேறு, மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் வேறு, மண் வேறு, ஊரின் சண்டை வேறு. மூன்றையும் பொதுவாகச் சொன்னால் எதுவும் நம்பும்படி இருக்காது. ஆகவே சொற்களை விட்டுவிட்டு ஊருணிகளை வெட்டினேன். ஒன்றே ஒன்று. 22 லட்சமாக இருந்த கோரிக்கை 7 லட்சத்துப் பத்தாயிரமாக இறங்கியது. இது வலியில்லாத முடிவு இல்லை. மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் ஊரில் காபி தரவில்லை. ஆனால் சுருக்கிச் சுருக்கியும் இடம் போதாமல் போகும்போது, எழுத்து நீளமா, இல்லை திட்டமே அந்தப் பக்க அளவுக்குப் பெரிதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எனக்கு இரண்டாவதுதான். சொல்லப்போனால், எட்டுப் பக்கம் மட்டும் கேட்கும் நிறுவனம் எட்டுப் பக்கத்தில் சொல்லி முடிக்கக்கூடிய அளவு வேலைக்குத்தான் பணம் வைத்திருக்கும் என்பது என் அனுமானம்.

ஒரே ஊருணி என்று ஆனதும் எதை வைத்துக்கொள்வது என்பது தெளிவாகிவிட்டது. முதல் வருடம் இரண்டரைப் பக்கம் ஓடிய வறட்சி வரலாற்றுக்குப் பதிலாக ஒரு கணக்கை வைத்தேன், ஒன்பது வரி. ஊருணியின் நீர்ப்பரப்பு 50 மீட்டருக்கு 40 மீட்டர், அதாவது 2,000 சதுர மீட்டர். வண்டல் மேடிட்டு, நிரம்பினாலும் ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான். ஊரில் 210 வீடு. குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு நாளைக்கு மூன்று குடம், குடம் 15 லிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு ஒன்பதரை கன மீட்டர், மட்டத்தில் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெயிலில் ஆவியாவது நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தோம். இரண்டும் சேர்ந்து தினமும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். மார்கழிக் கடைசியில் நிரம்பி நிற்கும் ஒரு மீட்டர் தண்ணீர் நூறே நாளில், சித்திரை பிறந்த சில நாளில், தரை தட்டிவிடும். ஊர்க்காரர்கள் சொன்னதும் அதேதான், சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர் இருக்காது என்றுதான் சொன்னார்கள். கணக்கும் ஊர் வாய்மொழியும் ஒத்துப்போன அந்த இடம் அறிக்கையின் முதுகெலும்பு ஆகிவிட்டது. ஆடி வரை 200 நாள் தாக்குப்பிடிக்க என்ன வேண்டும்? அகலப்படுத்தினால் ஆவியாவதும் கூடும், அதனால் ஆழம்தான் வேண்டும். ஒன்றரை மீட்டர் வண்டலை எடுத்தால், கரைச் சரிவுக்கு விட்டது போக 2,500 கன மீட்டர் கூடுதல் இடம். இப்போது நிற்கும் ஒரு மீட்டர் 200 நாளில் ஆவியாவதற்கே சரியாகிவிடும். அதே 200 நாளுக்கு ஊரின் தேவை 1,900. மிச்சம் கசிவுக்கு. மன்னர்களும் கருவேலமும் போனதற்கு எனக்குத் துக்கம்தான், ஆனால் அவற்றைப் படித்த யாரும் ‘ஒன்றரை மீட்டர் ஏன்’ என்று புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு வாக்கியங்களை மட்டும் என்ன ஆனாலும் வெட்டுவதில்லை என்று வைத்திருந்தேன். முதலாவது, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கும்போது ஊருணி எதற்கு என்பதற்கான பதில். சென்னையில் உட்கார்ந்து படிப்பவருக்கு முதலில் எழும் கேள்வி அது. எங்கள் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வந்த நாட்களைக் களப்பணியாளர் மூன்று மாதம் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார், ஐந்து நாளுக்கு ஒருமுறைதான். அதை ஒரு வரியாகப் போட்டேன். கூடவே ஆழ்குழாய் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 4,100 மில்லிகிராம், குடிநீருக்கான இந்தியத் தரத்தில் வேறு வழியே இல்லாவிட்டாலும் 2,000 தான் உச்சம் என்று இன்னொரு பாதி வரி. இரண்டாவது, இன்னும் ஆழமாகத் தோண்டினால் என்ன என்பதற்கான பதில். கடற்கரையோரத்தில் களிமண் அடுக்கைத் தாண்டித் தோண்டினால் அடியில் மணல் வரும், அதன் வழியே உவர்நீர் ஏறிவிடும், நல்ல தண்ணீரும் கசிந்து போகும். எங்கள் சோதனைக் குழிகளில் வண்டலும் களியும் சேர்ந்து இரண்டேகால் மீட்டர் இருந்தது, அதனால் ஒன்றரையோடு நிறுத்துகிறோம் என்று எழுதினேன். முதல் வருடம் சுரண்டியபோது காணாமல் போன ‘ஏனென்றால்’ வாக்கியங்களில் இதுவும் ஒன்று. படிப்பவர் மனதில் ஓர் ஆட்சேபம் எழுந்து, அடுத்த வரியிலேயே பதில் இல்லாவிட்டால், அவர் அதற்குப் பிறகு படிப்பதை எல்லாம் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

மற்ற வரிகளுக்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். பட்ஜெட் அட்டவணையை ஒரு பக்கமும் அறிக்கையை ஒரு பக்கமும் வைத்து, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் அறிக்கையில் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது. தூர்வாருதல், வரத்துக்கால் சுத்தம், கம்பி வேலி, மணல் வடிகட்டியோடு கிணறு, தண்ணீர்ப் பரிசோதனை, களப்பணியாளர் சம்பளம். இதில் கிணற்றுக்கு 2,10,000 கேட்டிருந்தேன், ஆனால் ஊருணிக்குள் இறங்கிக் குடத்தை முக்காமல் இருக்கத்தான் அந்தக் கிணறு என்ற வாக்கியம் எங்கோ வெட்டில் போயிருந்தது. பட்ஜெட்டில் மட்டும் அநாதையாக நின்றது. திருப்பிச் சேர்த்தேன். அடுத்து எதிர்ப்பக்கமாகவும் பார்த்தேன். பட்ஜெட்டிலும் வராமல், மதிப்பெண் பிரிவிலும் வராமல், யாருடைய ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லாமல் ஒரு வாக்கியம் இருந்தால் அது போகலாம். மகளிர் குழுக்களுக்கு நாங்கள் பத்து வருடமாக நடத்திய பயிற்சி அப்படிப் போனது. பதிவு எண், வரிவிலக்குக்கான 12ஏ, 80ஜி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கான சிஎஸ்ஆர்-1 என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன், அதெல்லாம் இணையப் படிவத்தில் தனிக் கட்டங்களில் ஏற்கெனவே நிரப்பியது. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை இடம் கொடுத்திருக்கிறேன்.

இணைப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இடம் போதாதபோது எல்லாவற்றையும் இணைப்பில் தள்ளலாம் என்று தோன்றும். அலுவலரிடம் அதையும் கேட்டிருந்தேன். மதிப்பீட்டாளர்கள் இணைப்பைத் திறந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். அதனால் அறிக்கையில் சொன்னதற்குச் சான்றாக நிற்பவை மட்டும் இணைப்புக்குப் போகலாம். பஞ்சாயத்துத் தீர்மானம், ஆய்வக அறிக்கை, அளவைப் படம், விலைப்புள்ளிகள். தீர்மானம் எந்தத் தேதியில் என்ன சொல்கிறது என்பது அறிக்கைக்குள் ஒரு வரியாக இருக்க வேண்டும், காகிதம் மட்டும் பின்னால் போகட்டும். பராமரிப்புத் திட்டத்தை மூன்றாம் பக்கத்துக்கே ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில் வேலை நாட்காட்டியை வைத்தேன், அதன் சாரத்தை ஏற்கெனவே ஐந்தாம் பக்கத்தில் சொல்லியாயிற்று. ஒரு விபத்தில் கடைசிப் பக்கம் காணாமல் போனாலும் உயிர் போகாது. எட்டாம் பக்கத்தின் அடியில் ஆறு வரி காலியாகவும் விட்டேன். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தேன். அனுப்பியதற்குப் பிறகு பதிவேற்றிய கோப்பையே திரும்பப் பதிவிறக்கி, என் தம்பியின் போனில் திறந்து பக்கத்தை எண்ணினேன். எட்டு. இன்னொரு முறை எண்ணினேன்.

அனுப்புவதற்கு நான்கு நாள் முன்பு, வங்கியில் வேலை பார்க்கும் என் நாத்தனாரிடம் அறிக்கையைக் கொடுத்து, பதினைந்து நிமிடம்தான் நேரம், படித்துவிட்டு என்னிடம் திருப்பிச் சொல்லுங்கள் அண்ணி என்றேன். ஊருணி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, அதுதான் வசதி. கணக்கைச் சரியாகச் சொன்னார். வேலியைச் சொன்னார். வரத்துக்காலைச் சொல்லவே இல்லை. போய்ப் பார்த்தால் அது மூன்று இடங்களில் மூன்று அரை வாக்கியமாகச் சிதறிக் கிடந்தது. சேர்த்து ஒரே இடத்தில் வைத்தேன். நான்கு வரி மிச்சமும் ஆனது.

நிதி கிடைத்தது. வைகாசியில் இயந்திரம் இறங்கியது, புரட்டாசிக்குள் கரை கட்டி வேலியும் போட்டாயிற்று. ஆனால் என் வெட்டில் ஒன்று தவறாகப் போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி வாரம் இடம் போதாமல் நான் எடுத்த வாக்கியங்களில் ஒன்று, வெள்ளாடு மேய்ப்பவர்கள் அந்த ஊருணியில்தான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள், அவர்களுக்கு வேலிக்கு வெளியே தொட்டி கட்டித் தருகிறோம் என்பது. ஒன்றரை வரி. அந்த வரியை எடுத்ததும், அறிக்கையில் வாக்கியம் இல்லாத செலவு பட்ஜெட்டில் கூடாது என்ற என் சோதனைப்படி தொட்டியின் 18,000 ரூபாயையும் எடுத்தேன். காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. தை மாதம் ஒரு நாள் காலையில் களப்பணியாளர் போன் செய்தார், வேலியில் இரண்டு இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது என்று. யார் அறுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. நான் நேராக மேய்ப்பவர்கள் வீட்டுக்குப் போனேன். "எங்களை எழுதலையாம்மா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர்ப் பரிசோதனையில் மிச்சமாகும் தொகையைத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன், அரைப் பக்கம். 6,000 ரூபாய்க்கு அனுமதி வந்தது. மீதியை ஊர்க் கணக்கில் கடனாக எடுத்து மாசியில் தொட்டி கட்டினோம். அந்தக் கடனில் இன்னும் 4,000 பாக்கி இருக்கிறது.